கேட்டது 1,05,000, வந்தது 28,750: இந்த ரிவ்யூவைப் போடலாமா?

ஈரச்சுவர் | ஏப்ரல் 4, இரவு 9.40

வீட்டுச் சாமான்களுக்கு எடுத்திருந்த இன்ஷூரன்ஸில் முதல் தடவையாக க்ளெய்ம் போட்டேன். ஜனவரி 11 ராத்திரி சுவருக்குள் ஓடுகிற தண்ணீர்க் குழாய் வெடித்து, காலையில் எழுந்தபோது அறையில் கணுக்கால் வரை தண்ணீர். கேட்ட தொகை 1,05,000. அலமாரி 40,000, கணினி 36,000, மெத்தை 20,000, குழாய் மாற்றிச் சுவர் பூசிய செலவு 9,000. முந்தாநாள் வந்த கடிதத்தில் 28,750 என்று ஒரே ஓர் எண். "பாலிசி விதிமுறைகளுக்கு உட்பட்டு மதிப்பிடப்பட்டது" என்பதோடு கடிதம் முடிந்துவிட்டது. கூடவே ஒரு டிஸ்சார்ஜ் வவுச்சர். கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் பணமாம்.

ரிவ்யூ எழுதி வைத்திருக்கிறேன். போடுவதற்கு முன் ஒருவர் படித்துச் சொன்னால் நல்லது:

"தகவல் சொன்ன நாளிலிருந்து 80 நாள் இழுத்தடித்தார்கள். ஒரே தடவையில் கேட்க வேண்டிய காகிதங்களை மூன்று தவணையாகக் கேட்டார்கள். கடைசியில் கேட்டதில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாயை மூடச் சொல்கிறார்கள். ஒரு நட்சத்திரம். அதுவும் அரை நட்சத்திரம் போட வழியில்லாததால்."

கூட்டல்கழித்தல் | ஏப்ரல் 4, இரவு 10.15

தாராளமாகப் போடுங்கள். உங்கள் காப்புத்தொகை எவ்வளவு? நஷ்டம் அதற்குள் இருந்தால் முழுதாகக் கொடுத்தே ஆக வேண்டும். கொஞ்சம் தேய்மானம் கழிப்பார்கள், சரி. அதற்காக நாலில் மூன்று பங்கைக் கழிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

தென்றல்7 | ஏப்ரல் 4, இரவு 10.31

டிஸ்சார்ஜ் என்கிறீர்களே, டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். என் மாமியார் கேஸில் அது இல்லாமல்தான் திருப்பி அனுப்பினார்கள். இப்போது உடம்பு தேவலையா?

ஈரச்சுவர் | ஏப்ரல் 4, இரவு 10.50

அலமாரிக்கு உடம்பு சரியில்லை, தேறாது என்று சொல்லிவிட்டார்கள். இது வீட்டுச் சாமான் பாலிசி அம்மா. டிஸ்சார்ஜ் வவுச்சர் என்பது "இதை முழுமையான இறுதித் தீர்வாக ஏற்கிறேன்" என்று நான் எழுதிக் கொடுப்பது.

@கூட்டல்கழித்தல், காப்புத்தொகை 3,00,000. நானும் அப்படித்தான் நினைத்தேன்: மூன்று லட்சத்துக்கு எடுத்திருக்கிறோம், ஒரு லட்சம்தானே கேட்கிறோம் என்று.

மாஜி_சர்வேயர் | ஏப்ரல் 5, காலை 6.20

ரிவ்யூவைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். திட்டக்கூடாது என்று சொல்லவில்லை. எதற்குத் திட்டுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு திட்டலாமே என்கிறேன்.

நாலு விஷயம் சொல்லுங்கள். ஒவ்வொரு பொருளும் எத்தனை வருஷப் பழசு? பாலிசியில் நஷ்டத்துக்குப் புதுப்பொருள் விலை என்று எழுதியிருக்கிறதா, அன்றைய மதிப்பு என்றா? ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்கள் தாங்க வேண்டிய எக்ஸஸ் எவ்வளவு? கெட்டுப்போன சாமான்கள் இப்போது யாரிடம் இருக்கின்றன?

80 நாளையும் பிரித்துப் போடுங்கள். பந்து எத்தனை நாள் அவர்கள் பக்கம் இருந்தது, எத்தனை நாள் உங்கள் பக்கம் இருந்தது?

ஈரச்சுவர் | ஏப்ரல் 5, மதியம் 1.10

நாள் கணக்கை முதலில் போடுகிறேன். அதுதான் சுலபம் என்று நினைத்து உட்கார்ந்தேன், போட்டு முடித்ததும் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

ஜனவரி 12 தகவல் சொன்னேன். 15 அன்று சர்வேயர் வந்து பார்த்தார். 22 அன்று முதல் கடிதம்: க்ளெய்ம் படிவம், படங்கள், வாங்கிய பில்கள், வங்கி விவரம், அடையாளச் சான்று. நான் அனுப்பியது பிப்ரவரி 2. மெத்தை பில் கிடைக்கவில்லை, அதைத் தேடியதிலேயே பதினோரு நாள் போய்விட்டது. கடைசியில் பில்லே இல்லாமல், கார்டில் பணம் கட்டிய வங்கி அறிக்கையும் மெத்தையின் லேபிள் தெரிகிற படமும் வைத்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். முதல் நாளே அப்படி அனுப்பியிருக்கலாம்.

பிப்ரவரி 14 இரண்டாவது கடிதம்: குழாய் ஏன் உடைந்தது என்று பிளம்பரிடமிருந்து எழுத்தில் வேண்டும். அனுப்பியது 20. மார்ச் 5 மூன்றாவது: கணினி இனிமேல் சரிசெய்ய முடியாது என்று ரிப்பேர் கடையின் சான்று. அனுப்பியது 9. ஏப்ரல் 2 தீர்வுக் கடிதம்.

ஆக என்னிடம் இருந்தது 11, 6, 4, மொத்தம் 21 நாள். அவர்களிடம் 59. "80 நாள் இழுத்தடித்தார்கள்" என்பதை மாற்றிவிடுகிறேன். ஆனாலும் 59 அதிகம்தான். அதிலும் கடைசி 24 நாளில் எந்தக் காகிதமும் பாக்கி இல்லை, போன் செய்தால் "பரிசீலனையில் உள்ளது".

வண்டிக்காரன் | ஏப்ரல் 5, மதியம் 2.02

அக்கா, எனக்கு வண்டிக் கண்ணாடி உடைந்தது. மூன்றே நாள். படம் அனுப்பினேன், ஒர்க்‌ஷாப்பில் மாட்டினார்கள், முடிந்தது. நீங்கள் கம்பெனியை மாற்றுங்கள்.

ஈரச்சுவர் | ஏப்ரல் 5, மதியம் 2.20

கண்ணாடி உடைந்தால் உடைந்தது, அதில் என்ன விசாரணை. தண்ணீர் நஷ்டத்தில் முதல் கேள்வியே "திடீரென்று வெடித்ததா, நாள்பட்ட கசிவா" என்பதுதானாம். திடீரென்றால் பாலிசிக்குள், மெதுவாகக் கசிந்து கெட்டதென்றால் வெளியே.

பிளம்பர் சமாசாரத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தது: "பைப் பழசு. கசிந்து வெடிச்சிருக்கு. புதுசு போட்டாச்சு." நான் படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். "கசிந்து" என்ற ஒரு சொல்! சர்வேயர் போன் செய்து எத்தனை நாளாகக் கசிந்தது, சுவரில் முன்பே கறை இருந்ததா என்று அரை மணி நேரம் கேட்டார். அறையைச் சுத்தம் செய்த அன்று எடுத்த படத்தில் சுவரில் பாசியோ பழைய கறையோ இல்லை, வெடித்த இடத்துக்குக் கீழே மட்டும் பெயிண்ட் பொங்கியிருந்தது. நல்லவேளையாக உடைந்த குழாய்த் துண்டையும் எறியவில்லை. நீளவாக்கில் ஒரு விரல் அளவுக்குப் பிளந்திருக்கிறது, பிளவின் ஓரம் சுத்தமாக இருக்கிறது. அதைக் காகிதப் பையில் போட்டு வைத்திருந்தேன், அவர் வந்து டார்ச் அடித்துப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். பிப்ரவரி 20க்கும் மார்ச் 5க்கும் நடுவிலான 13 நாள் முழுக்க இந்த ஒரு சொல்லால் போனது.

பிளம்பரிடம் பிறகு கேட்டேன். "கசிஞ்சுதுன்னா தண்ணி வெளிய வந்துச்சுன்னு அர்த்தம்மா" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

மாஜி_சர்வேயர் | ஏப்ரல் 5, இரவு 8.45

நான் முப்பது வருஷமாகச் சொல்லி வந்தது இதுதான். காரணம் எழுதுகிறவரிடம் பொய் எழுதச் சொல்லாதீர்கள், பார்த்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். எந்த இடத்தில், என்ன அளவில், எந்த வடிவத்தில் உடைந்திருந்தது. மீதியை நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.

மற்ற நாலு கேள்விகளுக்கும் பதில்?

ஈரச்சுவர் | ஏப்ரல் 6, காலை 7.30

அலமாரி 5 வருஷம், மெத்தை 4, கணினி 3. பாலிசியில் "நஷ்டம் நேர்ந்த நாளன்றைய மதிப்பு" என்றுதான் இருக்கிறது. புதுசுக்குப் புதுசு தருகிற பாலிசி கொஞ்சம் கூடுதல் பிரீமியத்தில் இருந்ததாம், எடுக்கவில்லை. எக்ஸஸ் 5,000. கெட்டுப்போன சாமான்கள் என்னிடமே கிடக்கின்றன.

தேய்மானப் பட்டியல் பாலிசியின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. மரச்சாமான், மெத்தைக்கு வருஷத்துக்கு 10 சதவீதம். மின்னணுப் பொருளுக்கு 20. அதன்படி அலமாரி 40,000-இல் பாதி போய் 20,000. மெத்தை 20,000-இல் 12,000. கணினி 36,000-இல் 14,400. மொத்தம் 46,400. குழாய்ச் செலவு 9,000-ஐ மொத்தமாக விட்டுவிட்டார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், எக்ஸஸ் போக 41,400 வர வேண்டும். வந்தது 28,750. இடையில் 12,650 எங்கே போனது?

கூட்டல்கழித்தல் | ஏப்ரல் 6, காலை 8.05

28,750-உடன் எக்ஸஸைச் சேர்த்தால் 33,750. அதை 46,400-ஆல் வகுத்தால் 72.7 சதவீதம். வரி, சர்வேயர் கூலி என்று ஏதோ பிடித்திருக்கிறார்கள்.

மாஜி_சர்வேயர் | ஏப்ரல் 6, காலை 11.10

சர்வேயர் கூலியை உங்கள் பணத்தில் பிடிக்கமாட்டார்கள். கம்பெனி அமர்த்திய சர்வேயருக்குக் கம்பெனிதான் கொடுக்கும்.

72.7 என்பது அசிங்கமான எண். இந்தத் தொழிலில் அசிங்கமான எண் வந்தால் நடுவில் இன்னொரு சின்னக் கழிவு இருக்கிறது என்று அர்த்தம். 33,750-ஐ முக்கால் என்று வைத்துப் பாருங்கள். முழுசு 45,000. உங்கள் 46,400-க்கும் அதற்கும் வித்தியாசம் 1,400. சாமான்கள் உங்களிடமே இருக்கின்றன என்றீர்கள். அப்படியானால் அது சால்வேஜ். செத்துப்போன கணினிக்குப் பழைய இரும்புக்காரர் கொடுக்கிற விலையைக் கழித்திருப்பார்கள். பொருளை அவர்கள் எடுத்துக்கொண்டு போனால் கழிக்க முடியாது.

அடுத்த கேள்வி முக்கால் எங்கிருந்து வந்தது. அதுதான் ஆவரேஜ். உங்கள் வீட்டுச் சாமான் மொத்தமும் 4,00,000 பெறும், நீங்கள் 3,00,000-க்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறீர்கள் என்று சர்வேயர் எழுதியிருக்க வேண்டும். மீதிக் கால்வாசிக்கு நீங்களே இன்ஷூரன்ஸ் கம்பெனி. ஆகவே எந்த நஷ்டம் வந்தாலும் அதில் கால்வாசி உங்கள் தலையில். நஷ்டம் காப்புத்தொகைக்குள் அடங்கினாலும் அப்படித்தான். @கூட்டல்கழித்தல் சொன்ன "முழுதாகக் கொடுத்தே ஆக வேண்டும்" இங்கேதான் இடிக்கிறது. ஆவரேஜ் வாசகமே இல்லாத பாலிசிகளும் உண்டு, அவற்றுக்கு அவர் சொன்னது சரி.

இதெல்லாம் என் ஊகம். கம்பெனிக்கு ஒரு வரி எழுதி சர்வே ரிப்போர்ட்டையும் கணக்குத் தாளையும் கேளுங்கள். "ஏன் குறைத்தீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்கு "விதிமுறைப்படி" என்று பதில் வரும். "கணக்குத் தாளின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள்.

ஈரச்சுவர் | ஏப்ரல் 6, காலை 11.40

கேட்டு எழுதிவிட்டேன். மூன்று லட்சம் என்ற எண் எப்படி வந்தது தெரியுமா? பாலிசி எடுத்த அன்று படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. "எல்லாரும் மூணு போடுவாங்க" என்று ஏஜெண்ட் சொன்னார், நானும் போட்டேன். ஆறு வருஷமாக அதே மூன்றுதான்.

கூட்டல்கழித்தல் | ஏப்ரல் 6, மதியம் 12.25

ஆவரேஜ் எனக்குப் புதுசு, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். போட்டால் எல்லாம் போச்சு.

மாஜி_சர்வேயர் | ஏப்ரல் 6, மாலை 5.00

எல்லாம் போய்விடாது, ஆனால் பேச இடம் குறைந்துவிடும். "தகராறு இல்லாத தொகையாக இதைப் பெற்றுக்கொள்கிறேன், மீதிக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பார்க்கலாம். ஏற்கிற கம்பெனியும் உண்டு, திருப்பி அனுப்புகிற கம்பெனியும் உண்டு.

ஈரச்சுவர் | ஏப்ரல் 11

திருப்பி அனுப்பிவிட்டார்கள். "வவுச்சரில் கூடுதல் வாசகம் அனுமதிக்கப்படாது." பணம் உடனே தேவைப்படுகிற ஆளாக இருந்தால் இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன். தரையில் படுத்துக்கொண்டு காத்திருக்கிறேன். புது மெத்தை இன்னும் வாங்கவில்லை.

ஈரச்சுவர் | ஏப்ரல் 15, மாலை 6.30

சர்வே ரிப்போர்ட் வந்தது. ஒன்பது நாள். எட்டுப் பக்கம்.

மாஜி சார், சால்வேஜ் 1,400 அப்படியே இருக்கிறது, கணினிக்கு நேரே. மொத்த சாமான் மதிப்பு 4,00,000, அதுவும் அப்படியே. 46,400-இல் 1,400 போய் 45,000. அதில் முக்கால் 33,750. எக்ஸஸ் 5,000 போக 28,750. கடைசி ரூபாய் வரை டேலி ஆகிறது. கணக்கு சரியாக வந்ததும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகிவிட்டது, அப்புறம்தான் சந்தோஷப்பட இதில் என்ன இருக்கிறது என்று உறைத்தது.

ஒரே ஓர் உறுத்தல். எக்ஸஸை முதலில் கழித்துவிட்டு முக்கால் போட்டிருந்தால் 30,000 வந்திருக்கும். 1,250 கூட. இது சண்டைபோடத் தக்கதா?

அது போகட்டும், ரிவ்யூவை மாற்றிவிடுகிறேன்: "பணம் குறைந்ததற்குக் காரணம் நான் காப்புத்தொகையைக் குறைத்து எடுத்தது. கம்பெனி செய்த தப்பு அதைச் சொல்லாமல் விட்டது." மூன்று நட்சத்திரம்?

மாஜி_சர்வேயர் | ஏப்ரல் 15, இரவு 9.15

அவசரப்பட்டு நல்லவராகிவிடாதீர்கள்.

எக்ஸஸைக் கடைசியில் கழிப்பதுதான் பொது வழக்கம். பாலிசியில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய அதில் சண்டை வேண்டாம். எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். 4,00,000 எப்படி வந்தது? ரிப்போர்ட்டின் கடைசியில் அறைவாரியாகச் சாமான் பட்டியல் இருக்கும். அதில் தேய்மானம் என்ற பத்தி இருக்கிறதா?

ஈரச்சுவர் | ஏப்ரல் 15, இரவு 9.50

இருக்கிறது. ஏழாம் பக்கம். பொருள், எண்ணிக்கை, "இன்றைய கடை விலை". அவ்வளவுதான். தேய்மானப் பத்தி நஷ்டமான மூன்று பொருள்களுக்கு மட்டும், ஐந்தாம் பக்கத்தில்.

மன்னிக்கவும், "இருக்கிறது" என்று எழுதியது பட்டியலை. மொத்தச் சாமான் பட்டியலில் தேய்மானப் பத்தி இல்லை.

மாஜி_சர்வேயர் | ஏப்ரல் 16, காலை 6.10

அதுதான் ஓட்டை.

உங்கள் அலமாரிக்குப் பணம் கொடுக்கும்போது அது ஐந்து வருஷப் பழசு என்று பாதி மதிப்புப் போட்டார்கள். அதே அலமாரியை வீட்டின் மொத்த மதிப்பில் சேர்க்கும்போது புது விலை 40,000 போட்டார்கள். ஒரே பொருளுக்கு ஒரே ரிப்போர்ட்டில் இரண்டு விலை. உங்கள் பாலிசி அன்றைய மதிப்பு என்றால், நஷ்டத்துக்கும் அன்றைய மதிப்பு, ஆவரேஜுக்கான மொத்தத்துக்கும் அன்றைய மதிப்புதான். புதுசுக்குப் புதுசு பாலிசியாக இருந்தால் இரண்டுக்கும் புது விலை. ஒன்றுக்கு ஒரு தராசு, இன்னொன்றுக்கு வேறு தராசு கூடாது. வேண்டுமென்று செய்ததாக நினைக்க வேண்டாம், கடை விலையைப் பார்த்து எழுதிப்போவது சுலபம் என்பதால் அவசரத்தில் இப்படி நடக்கும். நானே ஒரு தடவை செய்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பட்டியலில் உள்ள எல்லாப் பொருளுக்கும் வயதைப் போட்டுத் தேய்மானம் கழித்து மொத்தம் பாருங்கள். 3,00,000-க்குக் கீழே வந்தால் ஆவரேஜே கிடையாது.

ஈரச்சுவர் | ஏப்ரல் 17, மதியம் 3.00

போட்டேன். என் கணக்கில் 2,60,000. அப்படியானால் 45,000-இல் எக்ஸஸ் போக 40,000 வர வேண்டும். எனக்குக் குறைந்தது 11,250. கடிதம் அனுப்பிவிட்டேன், ஒன்றரைப் பக்கம். முதல் வரைவில் "மோசடி" என்று எழுதியிருந்தேன், என் தங்கை அடித்துவிட்டாள். ஐந்தாம் பக்கம் அலமாரிக்கு இந்த மதிப்பு, ஏழாம் பக்கம் அதே அலமாரிக்கு அந்த மதிப்பு, எது பாலிசிப்படி சரி என்று தெரிவிக்கவும் என்று கேட்டு, பட்டியலைக் கூடவே வைத்தேன்.

வண்டிக்காரன் | ஏப்ரல் 17, மதியம் 3.40

அக்கா, நான் அன்று மூன்று நாள் என்றேனே, வீட்டில் பில்லை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி 3 நாள்தான். ஆனால் அதே தடவை பம்பருக்கும் கேட்டிருந்தேன், அதில் பாதிதான் கொடுத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானமாம். இரண்டு வருஷம் கழித்து உங்களால் தெரிந்துகொண்டேன். நன்றி என்று சொல்லவா, வேண்டாமா என்று தெரியவில்லை.

தென்றல்7 | ஏப்ரல் 20

இழையை முழுசாகப் படித்தேன். மெத்தை வாங்கிவிடுங்கள், முதுகு கெட்டால் அந்த க்ளெய்முக்கு நான் வழி சொல்கிறேன்.

ஈரச்சுவர் | மே 6, இரவு 8.00

பதில் வந்துவிட்டது. 38,200.

இந்தத் தடவை கணக்குத் தாளோடு! சர்வேயர் மொத்த மதிப்பைத் திருத்தியிருக்கிறார், 3,12,500. காப்புத்தொகை 3,00,000 என்பதால் 96 சதவீதம். 45,000-இல் 96 சதவீதம் 43,200. எக்ஸஸ் போக 38,200. முன்பு சொன்னதைவிட 9,450 கூட.

என் 2,60,000-க்கும் அவருடைய 3,12,500-க்கும் 52,500 வித்தியாசம். முதலில் கோபம் வந்தது. பிறகு பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பரணில் இருந்த தையல் இயந்திரம், துணிமணிகள், இரண்டு பெட்டிப் புத்தகங்கள் எதையும் நான் எண்ணவில்லை. கண்ணுக்கு எதிரே நிற்கிற பெரிய பொருள்களை மட்டும் எழுதியிருக்கிறேன். அவர் பரண்மேல் ஏறிப் பார்த்தது நினைவிருக்கிறது, அப்போது எதற்கு ஏறுகிறார் என்று யோசித்தேன்.

கூட்டல்கழித்தல் | மே 6, இரவு 8.30

வெறும் 4 சதவீதக் குறைவுக்கெல்லாம் ஆவரேஜ் போடுவார்களா? குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று படித்தேன்.

மாஜி_சர்வேயர் | மே 7, காலை 6.30

இந்தத் தடவை நல்ல கேள்வி. அப்படி விட்டுவிடுகிற வாசகம் சில பாலிசிகளில் உண்டு. எல்லாவற்றிலும் இல்லை. ஈரச்சுவர், உங்கள் பாலிசியில் ஆவரேஜ் பத்தியைக் கடைசி வரி வரை படியுங்கள்.

ஈரச்சுவர் | மே 7, காலை 9.10

படித்தேன், தங்கையும் படித்தாள். அப்படி ஒரு வரி இல்லை. 1,800 போகட்டும். வவுச்சரில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

ஈரச்சுவர் | மே 12

நேற்று பணம் வந்தது. ரிவ்யூவைப் புதுசாக எழுதினேன்:

"வீட்டுச் சாமான் பாலிசி, தண்ணீர் நஷ்டம். முதல் தீர்வு வர 80 நாள், அதில் 21 என்னால், 59 கம்பெனியால். காகிதங்கள் மூன்று தவணையாகக் கேட்கப்பட்டன. பிளம்பர் சான்று தேவைப்படும் என்பது சர்வேயர் வந்த அன்றே தெரிந்திருக்கும், அதை ஒரு மாதம் கழித்துக் கேட்டார்கள். பில் இல்லாத பொருளுக்கு வங்கி அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள், இது நல்லது. முதல் தீர்வுக் கடிதத்தில் கணக்கு இல்லை. கேட்டபின் ஒன்பது நாளில் சர்வே ரிப்போர்ட் தந்தார்கள். அதில் இருந்த தவறைக் காட்டியதும் 19 நாளில் திருத்தி 28,750-ஐ 38,200 ஆக்கினார்கள். திருத்தியதற்கு நன்றி. ஆனால் நான் கேட்காமல் இருந்திருந்தால் அந்த 9,450 எனக்கு வந்திருக்காது."

கூட்டல்கழித்தல் | மே 12, மாலை

எத்தனை நட்சத்திரம்?

ஈரச்சுவர் | மே 12, இரவு

இரண்டு போட்டு, மூன்றாக்கி, மறுபடி இரண்டாக்கி வைத்திருக்கிறேன்.

மாஜி_சர்வேயர் | மே 13, காலை 6.15

ரிவ்யூவில் குழாய்ச் செலவு 9,000 பற்றி ஒன்றும் இல்லையே. ரிப்போர்ட்டில் அதற்கு என்ன எழுதியிருக்கிறது?

ஈரச்சுவர் | மே 13, காலை 8.00

"கட்டடத்தைச் சேர்ந்தது, சாமான் பாலிசிக்குள் வராது." பிளம்பர் பில்லில் குழாய் வேலை 2,500, சுவர் உடைத்துப் பூசியது 6,500. நியாயம்தானே என்று விட்டுவிட்டேன்.

மாஜி_சர்வேயர் | மே 13, காலை 8.20

நியாயம்தான். வீட்டுக் கடன் வாங்கியிருக்கிறீர்களா? கடன் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் கட்டடத்துக்குத் தனியாக ஒரு பாலிசி எடுக்க வைத்திருப்பார்கள்.

ஈரச்சுவர் | மே 13, இரவு 7.45

இருக்கிறது. கடன் கோப்பில், கடைசிக் காகிதமாக. வேறு கம்பெனி. ஆறு வருஷமாகக் கடனோடு சேர்த்து பிரீமியம் போய்க்கொண்டிருக்கிறது, எனக்கு நினைவே இல்லை. சம்பவம் நடந்தவுடன் தெரிவிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. இன்றைக்கு நான்கு மாதம்.

கூட்டல்கழித்தல் | மே 13, இரவு 8.00

தள்ளுபடி செய்துவிடுவார்கள். தாமதம் என்றால் தாமதம்தான்.

மாஜி_சர்வேயர் | மே 13, இரவு 8.40

செய்யலாம், செய்யாமலும் போகலாம். தாமதத்தால் அவர்களால் காரணத்தையும் சேதத்தையும் சரிபார்க்க முடியாமல் போயிருந்தால் அவர்கள் பக்கம் பலம். உங்களிடம் அன்றைய படங்கள், இன்னொரு சர்வேயரின் ரிப்போர்ட், பிளம்பர் பில் எல்லாம் இருக்கின்றன. தாமதத்துக்கான காரணத்தை உள்ளபடி எழுதுங்கள்: இப்படி ஒரு பாலிசி இருப்பது தெரியவில்லை என்று. குழாயை மாற்றிய 2,500 வருவது சந்தேகம், தேய்ந்துபோன குழாயைப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. சுவர் 6,500 கேட்டுப் பார்க்கலாம், அங்கேயும் ஓர் எக்ஸஸ் இருக்கும்.

ஈரச்சுவர் | மே 22

தகவல் சொன்னேன். இன்று அவர்களுடைய சர்வேயர் போனில் பேசினார். தாமதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார். அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்த உடைந்த குழாய் இருக்கிறதா?"

பத்து நாள் முன்னால் பணம் வந்த அன்று சுத்தம் செய்கிறேன் என்று அந்தக் காகிதப் பையைக் குப்பைக் கூடையில் போட்டேன். தங்கை எடுத்து மறுபடி பரணில் வைத்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை வருகிறாராம்.